ஐஎன்ஜி போடாதே

என் வாய்க்கு எப்போதும் அவசரம். ஒருவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே திருத்திவிடுவேன். வானவடியில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற பயிற்சி நிலையத்தில் பத்தொன்பது வருடமாக ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். திருத்துவதுதான் சோறு போடுகிறது. ஆனால் ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

அவள் சாங்வியிலிருந்து வந்தாள். இருபத்திரண்டு வயது. அப்பா, அம்மாவுக்குப் பூர்வீகம் சேலம் பக்கம். இவள் பிறந்து வளர்ந்தது இங்கே, படித்தது மராத்தி மீடியம். மாப்பிள்ளை வெளிநாட்டில். பதிவுத் திருமணம் முடிந்திருந்தது. விசாவுக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். அம்மா ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டு, வகுப்பு முடிகிறவரை கீழேயே காத்திருப்பார்.

முதல் நாளே, "ஐ ஆம் நோயிங் லிட்டில் இங்கிலீஷ்" என்றாள். இந்தியும் மராத்தியும் புழங்கும் இந்த ஊரில் எல்லோருக்கும் வருகிற வியாதி அது. 'தெரியும்' என்பதற்கு இந்தியில் 'ஜான்தா ஹூம்', மராத்தியில் 'மாஹீத் ஆஹே'. கடைசியில் தொங்கும் அந்த 'ஹூம்'மையும் 'ஆஹே'யையும் 'ஆம்' ஆக்கி, வினைச்சொல்லுக்கு ஒரு 'இங்' ஒட்டிவிடுவார்கள்.

"அடியே, தமிழ்ல யோசி," என்றேன். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், சரி. எனக்குக் காபி பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு யாராவது சொல்வாங்களா?"

சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சாப்பிடுவது ஒரு செயல். ஆரம்பிக்கும், நடக்கும், முடியும். நடுவில் எட்டிப் பார்த்து 'ஈட்டிங்' எனலாம். தெரிவதும் பிடிப்பதும் வேண்டுவதும் செயல் இல்லை, நிலை. அதில் பாதி நடந்தது, மீதி நடக்கப்போவது என்று ஒன்றும் கிடையாது. அதனால்தான் 'நோ', 'லைக்', 'வான்ட்' மூன்றும் 'இங்' ஏற்காமல் முரண்டு பிடிக்கின்றன. இதைப் பலகையில் எழுதிப்போட்டேன்.

அவள் கையைத் தூக்கினாள். "மிஸ், 'இங்' போட்டா... மத்லப், அதாவது, கொஞ்ச நாள்ல முடிஞ்சிடுமா?"

"பெரும்பாலும் அப்படித்தான். இப்போதைக்கு நடக்குதுன்னு அர்த்தம்."

"போடலன்னா?"

"அது நிலை. எப்ப முடியும்னு அது சொல்லாது. இருக்கு, அவ்வளவுதான்."

அதை நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் எதிர்மறை வாக்கியங்கள். சொந்தமாக ஒன்று சொல்லச் சொன்னேன்.

"ஐ ஆம் நாட் வான்டிங் டு கோ."

"ஐயோ, மறுபடியும் 'இங்'கா! ஐ டோன்ட் வான்ட் டு கோ. சொல்லு."

"ஐ டோன்ட் வான்ட் டு கோ."

"சத்தமா. வாய்க்குள்ளயே முணுமுணுக்காதே."

பத்துத் தடவை சொல்ல வைத்தேன். ஏழாவது தடவை குரல் உடைந்தது, கண் கலங்கியது. நான் அதட்டியதற்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "இதுக்கெல்லாம் அழலாமா? இப்பதான் சரியா சொல்ற," என்று அவள் நோட்டில் பெரிதாக ஒரு டிக் அடித்தேன். கடவுளே, டிக் அடித்தேன்! அதற்குப் பிறகு அவள் அந்தத் தப்பைச் செய்யவே இல்லை.

தேர்வில் தேறினாள். அவள் விமானம் ஏறிய மறுவாரம் அம்மா பேடா டப்பாவோடு மாடியேறி வந்தார்.

"நீங்கதான் மிஸ் அவளை வழிக்குக் கொண்டாந்தீங்க. போகமாட்டேன், போகமாட்டேன்னு வீட்ல ஒரே அழுகை. எல்லாப் பொண்ணுக்கும் இப்படித்தான் இருக்கும், கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு நாங்க தலைப்பாடா அடிச்சுக்கிட்டோம். உங்க கிளாஸ்ல ஒரு நாள் அழுதுட்டு வந்தா. அப்புறம் வாயே திறக்கல."

பேடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் வாக்கியத்தில் இருந்த தப்பு என் காதில் விழுந்தது. வாக்கியம் விழவில்லை. வீட்டில் யாரும் கேட்காததை என்னிடம் சொன்னாள். நான் அதற்கு இலக்கணம் பார்த்தேன். இப்போதும் வகுப்பில் யாராவது 'டோன்ட் வான்ட்' என்றால் அவள் குரல்தான் கேட்கிறது, பத்துத் தடவையும்.

அம்மாவிடமே எண் வாங்கி, வாட்ஸப்பில் அவளுக்குத் தமிழில் எழுதினேன்: நல்லா இருக்கியா?

இரண்டு நாள் கழித்து ஆங்கிலத்தில் பதில் வந்தது.

"ஐ ஆம் லைக்கிங் இட் ஹியர், மிஸ்."

'லைக்'குக்கு 'இங்' கிடையாது என்று அவளுக்குத் தெரியும். என்னை விட நன்றாகத் தெரியும். உடனே எழுதினேன்: டூ யூ வான்ட் டு கம் பேக்?

இரண்டு டிக்கும் நீலமாகிப் பதினோரு நாள் ஆகிறது. பதில் வரவில்லை.