கொதிக்க வைத்த தண்ணீர்

நிலத்தடி நீரைப் பற்றி ஓர் ஆய்வாளர் ஆற்றிய உரையின் சுருக்கத்தை, உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் துண்டறிக்கையாகக் கொடுப்பதற்கு எளிமையாக எழுதித்தரச் சொல்லியிருந்தார்கள். முதல் வாக்கியமே நான்கு வரி ஓடியது. படிக்கிறவர் மேல் கொஞ்சமும் இரக்கமில்லாத வாக்கியம். எரிச்சலோடு உடைத்தேன்: "வயலில் போடும் உரத்தில் ஒரு பகுதி, நைட்ரேட் என்ற உப்பாகக் கிணற்று நீரில் கலக்கிறது. அந்த நீர் கைக்குழந்தைக்கு ஆகாது."

யாராவது படித்துத் திருப்பிச் சொல்லாமல் எதையும் நான் அச்சுக்கு அனுப்புவதில்லை. எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். மூன்று மாதக் குழந்தையின் தாய். ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அதுக்குதான்கா, கொயந்தைக்கு மட்டும் கெணத்துத் தண்ணிய நல்லா சுண்டக் கொதிக்க வெச்சி பால் பவுடர் கலக்கிக்கினு கீறேன்" என்றாள்.

உடனே ஆய்வாளரை ஃபோனில் அழைத்தேன்.

"கொதிக்க வச்சா நைட்ரேட் போகாதும்மா. தண்ணி வத்த வத்த அதோட அடர்த்தி கூடத்தான் செய்யும். எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னுதான் உரையில சொல்லல. உரையில இல்லாதத நீங்க சேர்க்கக் கூடாது."

"எந்த எல்லாருக்கும் சார்?" என்று கேட்டேன்.

ஃபோனை வைத்தவுடன் நான் சேர்த்தேன், முதல் வரியாகவே: "கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. குழந்தைக்குச் சோதித்துப் பார்த்த தண்ணீரையே கொடுங்கள்."

மறுபடியும் அவளிடம் நீட்டினேன். இந்தமுறை அவள் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. முதல் வரியைப் படித்ததுமே எழுந்து உள்ளே போனாள். ஆறட்டும் என்று மூடி வைத்திருந்த பாத்திரத்தைத் தூக்கிவந்து வாசலில் கவிழ்த்தாள்.