பச்சை ரிப்பன் குட்டியின் நிஜ அளவு

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். இப்போது வீட்டில் ஒரு லாப்ரடார் தாய்நாய் வளர்க்கிறார்; அதன் குட்டிகளை விற்கிறார். வெளியூர்க்காரர்கள் போட்டோ பார்த்துத்தான் கேட்பார்கள். அதனால் சாப்பாட்டு மேஜையில் ரப்பர் விரிப்பைப் போட்டு, மனைவி குட்டியைப் பக்கவாட்டில் நிறுத்த, போனைக் குட்டியின் தோள் உயரத்தில் வைத்துப் படம் எடுப்பார். மேலிருந்து எடுத்தால் தலை பெருத்து, கால் குட்டையாகிவிடும். இதில் மனிதர் மகா பிடிவாதக்காரர்.

காரணம் உண்டு. போன ஈற்றில் ஒருவர், படத்தில் பார்த்த அளவு இல்லையென்று பத்தாம் நாளே குட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். அது இரண்டு நாள் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக் கிடந்தது. இனி ஒன்றுகூட அப்படித் திரும்பக்கூடாது என்று டிரைவர் அன்றே முடிவு கட்டினார்.

இந்த முறை ஐந்து குட்டிகள், ஏழு வாரம். படங்களைப் பார்த்த வெளியூர் நர்ஸம்மா ஒருவர் போனில் பச்சை ரிப்பன் கட்டிய பெண்குட்டியைக் கேட்டார்.

"பாக்க வாட்டசாட்டமா இருக்கு சார். மத்ததோட ஒப்பிட்டு அளவு, முடி, உடல்வாகு எல்லாம் எழுதி அனுப்புங்க."

டிரைவர் ஐந்து படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பச்சை ரிப்பன்தான் பெரிது. ஆனால் காலையில் தராசில் அதுதானே எல்லாவற்றிலும் குறைவு, நாலே கிலோ? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கால்களைப் பார்த்தார். விரிப்பின் குறுக்கே ஓடும் வெள்ளைக் கோட்டின்மேல் நான்கு குட்டிகள் நின்றன. பச்சை ரிப்பன் மட்டும் ஒரு சாண் முன்னால், கேமராவின் மூக்கடியில்!

"ஏம்மா, இதை மட்டும் ஏன் முன்னால தள்ளி நிறுத்தின?"

மனைவி திருதிருவென்று விழித்தார். "சின்னதா தெரிஞ்சா யாருமே எடுக்கமாட்டாங்கங்க. அதுக்கும் ஒரு வீடு வேணாமா?"

டிரைவர் பச்சை ரிப்பன் குட்டியை மேஜைக்குத் தூக்கி வந்தார். கோட்டின்மேல் நிறுத்தி மறுபடி படம் எடுத்தார். கூடவே எழுதினார்: "முதல் படத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றதால் பெரிதாகத் தெரிந்தது. தப்பு எங்களுடையது. ஐந்தில் இதுதான் சின்னது. மற்றவற்றைவிட இரண்டு விரல் உயரம் குறைவு. ஆனால் தலை, கால், உடம்பு ஒன்றுக்கொன்று பொருத்தம். உடல் நீளம் உயரத்தைவிடச் சற்றே அதிகம், அப்படித்தான் இருக்க வேண்டும். குட்டையான முடி, அடியில் மெத்தென்ற இன்னொரு அடுக்கு. அடர்த்தியில் ஐந்திலும் இதுவே முதல், தடவியும் பார்த்துவிட்டேன்."

அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி அடுக்களையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினார். அரை மணி கழித்து போன் அடித்தது.

"சார், சின்னதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க," என்றார் நர்ஸம்மா. "அப்போ முடியும் உடல்வாகும் நல்லாருக்குன்னு எழுதினதையும் நம்பலாம். அதையே எனக்கு வைங்க. ரொம்ப நன்றி."

நன்றியை டிரைவரல்லவா சொல்ல வேண்டும்! போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எதிரே வெறும் சுவரைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "யாரைங்க கும்பிடறீங்க?"

"அதுக்கு வீடு கிடைச்சிருச்சும்மா," என்றார் டிரைவர். "சின்னதுன்னு சொல்லியே கிடைச்சிருச்சு."