அடிக்கக் கூடாத c

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் கல்லூரியில் பாதி பெஞ்சு காலி. காஞ்சிபுரத்தில் முகூர்த்த சீசனில் பட்டுக்கடைகளுக்குப் புடவை விரித்துக் காட்ட ஆள் போதாது. என்னுடைய பி.ஏ. பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் காந்தி ரோடு கடைகளில் நின்றுகொண்டிருப்பார்கள். மீதி எட்டுப் பேருக்குத்தான் அன்றைக்குப் பணப் பெருக்கி என்ற பாடத்தை நடத்தினேன்.

நான் அப்போது சுயநிதிப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு செமஸ்டருக்கும் புது ஆர்டர் வர வேண்டும். துறைத் தலைவர் எழுதிக் கொடுத்தால் வேலை, இல்லாவிட்டால் ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஏறி வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வேன். கொஞ்சம் அதிகமாகவே ஒழுங்கு. அந்த அதிகம்தான் என்னைக் கவிழ்த்தது.

பாடம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மக்கள் கையில் இருக்கும் ரொக்கமும் வங்கிகளில் இருக்கும் டெபாசிட்டும் சேர்ந்தது மொத்தப் பண அளிப்பு. அதே ரொக்கமும் வங்கிகள் ஒதுக்கி வைக்கும் இருப்பும் சேர்ந்தது அடிப்படைப் பணம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் பெருக்கி, அதாவது அடிப்படைப் பணம் எத்தனை மடங்காகப் பெருகுகிறது என்ற கணக்கு. மேலேயும் கீழேயும் எல்லாவற்றையும் டெபாசிட்டால் வகுத்துவிட்டால், ரொக்கத்துக்கு c, இருப்புக்கு r என்று இரண்டு விகிதங்கள் மட்டும் மிஞ்சும். மேலே 1 + c, கீழே c + r. முடிந்தது.

முடிந்ததை முடிந்தது என்று விட்டிருக்கலாம். "மேலயும் c இருக்குது, கீழயும் c இருக்குதுன்னு சில பேர் அடிச்சிடுவாங்க, அது தப்பு" என்று சொல்லி, அந்தத் தப்பையும் பலகையில் எழுதிக் காட்டினேன். இரண்டு c-க்கும் குறுக்கே பளிச்சென்று கோடு. விடை 1/r. பக்கத்தில் 'தப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதற்கு முன்னாலேயே நின்று, பெருக்கலில் இருப்பதைத்தான் அடிக்கலாம், கூட்டலில் இருப்பதை அடிக்கக் கூடாது என்று கை வீசி விளக்கினேன்.

முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி போனில் படம் எடுத்தாள். கடைக்குப் போனவர்களுக்காக வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது அவள் வேலை.

இரண்டு வாரம் கழித்து இன்டர்னல் தேர்வு. 'ரொக்க விகிதம், இருப்பு விகிதம் இரண்டையும் கொண்டு அடிப்படைப் பணத்திலிருந்து பணப் பெருக்கியைத் தருவி.' பத்து மதிப்பெண். முப்பத்திரண்டு விடைத்தாள்களில் முப்பத்தொன்றில் இரண்டு c-க்கும் குறுக்கே பளிச்சென்று கோடு. விடை 1/r.

வகுப்பில் போய்க் கத்தினேன். ஒருவன் எழுந்து, "மிஸ், நீங்க போட்டதுதான மிஸ்" என்று போனை நீட்டினான். படத்தில் சமன்பாடு தெளிவாக இருந்தது. அடித்த கோடும் தெளிவாக இருந்தது. 'தப்பு' இருக்க வேண்டிய இடத்தில் என் முதுகு இருந்தது. அகலமான முதுகுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

"வகுப்புல இருந்தவங்களுமா அப்பிடி எழுதுவீங்க? நான் சொன்னத காதால கேக்கல?"

"கேட்டோம் மிஸ். ஆனா போட்டோல வேற மாதிரி இருந்திச்சி மிஸ்."

துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். கதையை முழுக்கக் கேட்டார், சிரிக்கவில்லை. "மாடல் எக்ஸாம் பேப்பர நானே திருத்துறேன்மா. அதுலயும் இதே கூத்து நடந்தா அடுத்த செமஸ்டருக்கு உங்க பேர நான் எழுத மாட்டேன்" என்றார். தப்பு செய்யாதே என்று சொன்னதற்கா இந்தத் தண்டனை?

அதைவிடப் பெரிய தொல்லை, பிள்ளைகள் 1/r-ஐ விடுவதாக இல்லை. முதல் யூனிட்டிலேயே எளிய பெருக்கி 1/r என்று நான்தான் நடத்தியிருந்தேன். "அப்ப அது கரெக்டு, இப்ப தப்பா மிஸ்?" என்று நியாயம் கேட்டார்கள். யார் கையிலும் ரொக்கமே இல்லாமல், எல்லாப் பணமும் வங்கியிலேயே இருந்தால், அதாவது c பூஜ்யம் என்றால் மட்டும் அது சரி என்றேன். ஒருவர் முகத்திலும் விளக்கு எரியவில்லை.

சரி, எண் போட்டுப் பார்ப்போம் என்று c-க்கு அரை, r-க்குப் பத்தில் ஒன்று வைத்தேன். அடிக்காமல் போட்டால், ஒன்றரையைப் பூஜ்யம் புள்ளி ஆறால் வகுக்க இரண்டரை. அடித்துப் போட்டால் பத்து. நூறு ரூபாய் அடிப்படைப் பணம் இருநூற்றைம்பதாக வேண்டியது, இவர்கள் கையில் ஆயிரமாகிவிட்டது.

"மீதி எழுநூத்தம்பது எங்கேர்ந்து வந்திச்சி?" என்று கேட்டேன்.

கடைசி பெஞ்சில் ஒருவன், நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, தலையைச் சொறிந்தான். "மிஸ், சனிக்கிழமை கூலி வந்தா எங்கம்மா பாதிய அரிசி டப்பாவுல போட்டு வச்சிக்கும். அது பேங்குக்கே போகாது. அது c தானே?"

"அதேதான்பா!"

"அப்ப c-ய அடிச்சா எங்கம்மா டப்பாவ அடிச்ச மாதிரி. பேங்க் எங்க வீட்டு அரிசி டப்பாவையும் சேத்து லோன் குடுக்கும்."

வகுப்பே சிரித்தது. அவனைத் தூக்கிக்கொண்டு கோவிலைச் சுற்றலாம் போல இருந்தது எனக்கு. ரொக்கம் டப்பாவில் தூங்கினால் அது மறுபடி கடனாகாது, பெருக்கி சுருங்கும். இதைத்தான் ஒரு மாதமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாடல் தேர்வு முடிந்த மூன்றாம் நாள் துறைத் தலைவர் மறுபடி கூப்பிட்டார். மேசையில் என் வகுப்புக் கட்டு. அவர் முகம் கடுகு தாளிக்கிற சூட்டில் இருந்தது.

"முப்பத்தொரு பேரும் காப்பிம்மா. அப்பட்டமான காப்பி."

ஒரு தாளை நீட்டினார். தருவித்தல் சரி. விடை சரி. அதற்குக் கீழே தப்பான வழியும் முழுசாக இருந்தது. இரண்டு c-க்கும் குறுக்கே கோடு, அதன் மேல் பெரிய பெருக்கல் குறி, சுற்றிலும் கட்டம். கட்டத்துக்குள் 'தப்பு. இங்கே c-ஐ அடிக்கக் கூடாது.' அடுத்த தாளிலும் அதே கட்டம். அதற்கடுத்ததிலும். முப்பத்தொரு கட்டங்கள்.

"சார், அது காப்பி இல்ல. நான் சொன்னது. சொன்னத முழுக்க எழுதியிருக்காங்க" என்றேன். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் நம்பவில்லை. கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, அந்த மாணவனை அழைத்து வரச் சொன்னார். வந்தது கடைசி பெஞ்சு. ஏகாம்பரநாதரே என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"ஏன்பா c-ய அடிக்கக் கூடாது?"

"அடிச்சா எங்கம்மா அரிசி டப்பாவுல இருக்கிற காசு காணாமப் பூடும் சார்."

துறைத் தலைவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "சரி, எல்லாரும் எல்லாக் காசையும் டப்பாவுலயே வச்சிட்டா? பேங்க்ல டெபாசிட்டே இல்லன்னா?"

அவன் கூரையைப் பார்த்து யோசித்தான்.

"அப்ப பெருக்கவே பெருக்காது சார். நூறு நூறாவேதான் இருக்கும். பெருக்கி ஒண்ணு."

இதை நான் நடத்தவே இல்லை. சத்தியமாக நடத்தவில்லை. கண்ணில் நீர் தளும்பியதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். துறைத் தலைவர் மேசை இழுப்பறையைத் திறந்து, என் பரிந்துரைக் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "கட்டத்துக்கு மார்க் கிடையாது, சொல்லிடுங்க" என்றார்.

கட்டம் போடாத முப்பத்திரண்டாவது தாள் அந்த முதல் பெஞ்சுப் பெண்ணுடையது. இன்டர்னலிலும் சரியாக எழுதிய ஒரே ஆள் அவள்தான். நீ மட்டும் ஏன் தப்பை எழுதவில்லை என்று வராந்தாவில் கேட்டேன்.

"தப்புதான் என் போன்லயே இருக்குதே மிஸ், பேப்பர்ல வேற எதுக்கு?" என்றாள்.