சவ்வா எந்தப் பக்கம்

போன வாரம் தாராவியில் முடி வெட்டப் போயிருந்தேன். பின்சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் எதிர்க் கண்ணாடியில் தெரிந்தது. மணி ஏழேகால் என்று எண்ணிக்கொண்டு, அடடா நேரமாகிவிட்டதே என்று எழப் பார்த்தேன். வெட்டுகிற தம்பி தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தான்.

"கண்ணாடில பாத்தா அப்படித்தாண்ணே தெரியும். மணி நாலே முக்கால்தான் ஆகுது. தலைய ஆட்டாதீங்க, காது போயிரும்."

சிரித்தேன். ஆனால் அவன் கழுத்தில் பவுடரைத் தட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வெள்ளைத் தூசி எனக்கு எப்போதும் மைதா மாவுதான். குவைத்தில் ரொட்டிக் கம்பெனியில் நான் இருந்த வருஷங்களில் இமை முடியில்கூட மாவு ஒட்டியிருக்கும். அதற்கு முன்னால் ஐரோலியில் ஒரு கம்பெனி, தாதர் மார்க்கெட்டில் மூட்டை, செம்பூரில் வேன் ஓட்டியது என்று எங்கேயும் ஒரு வருஷம் முழுசாக நின்றதில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஏழாவதோடு தமிழ் மீடியத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ரொட்டி அடுப்புக்கு மேலே ஒரு கடிகாரம் உண்டு. சூட்டில் எண்கள் எல்லாம் உரிந்து போயிருந்தன, முள் மட்டும் ஓடும். அதனால் எனக்கு மணி என்பது எண் இல்லை, பக்கம். பெரிய முள் வலது பக்கம் நின்றால் கால். கீழே நின்றால் அரை. இடது பக்கம் வந்தால் முக்கால்.

ராத்திரி எட்டு மணிக்கு அறைக்கு வருவேன். கை கால் கழுவி, எட்டேகாலுக்குப் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்காருவேன். நைட் ஷிப்டுக்காரர்கள் அறையில் தூங்குவார்கள். தாராவியில் அப்போது பத்தேமுக்கால். அங்கேயும் இங்கேயும் ரெண்டரை மணி நேர வித்தியாசம். என் மகள் ஷைனிக்கு அப்போது எட்டு வயது. தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருப்பாள். அப்பா முகத்தைப் பார்க்காமல் படுக்க மாட்டாள் என்று என் மனைவி கிரேஸ் சொல்வாள்.

ஷைனி படித்தது இங்கிலீஷ் மீடியம். நான் என்ன சொல்லித் தர முடியும்? "நல்லாப் படிம்மா" என்பேன், "சரிப்பா" என்பாள், முடிந்தது. அப்படி இருக்கும்போது ஒரு நாள் மராத்தி ஒர்க்‌ஷீட் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். ஆறு வட்டங்கள். எண் கிடையாது, சுற்றிப் பன்னிரண்டு புள்ளிகள் மட்டும். சின்ன முள் அச்சிலேயே இருந்தது, பெரிய முள்ளை நாம் போட வேண்டும். மூன்று சவ்வா, மூன்று பாவ்ணே. பம்பாயில் வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா? சவ்வா ஆட் என்றால் எட்டேகால். பாவ்ணே நவ் என்றால் ஒன்பதுக்குக் கால் மணி குறைவு. நாம் எட்டோடு கூட்டி எட்டேமுக்கால் என்கிறோம், அவர்கள் ஒன்பதில் கழித்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. பிள்ளைக்கு நான் சொல்லித் தரக்கூடிய ஒரு பாடம்!

அன்றைக்கு நெட் சரியில்லை. குரல் விட்டு விட்டு வந்தது. சொல்வதைவிட வரைந்து காட்டுவோம் என்று, மாவுப் பை அட்டையில் ஒரு வட்டம் போட்டு, வலது பக்கம் முள்ளை வரைந்து கேமராவுக்கு நேரே பிடித்தேன். என் ஸ்கிரீனின் மூலையில், நான் தெரிகிற சின்னக் கட்டத்தில், முள் இடது பக்கம் இருந்தது.

ஓகோ, போன் மாற்றிக் காட்டுகிறது, பிள்ளைக்கும் இப்படித்தானே தெரியும் என்று நினைத்தேன். அட்டையைத் திருப்பி, வேண்டுமென்றே முள்ளை இடது பக்கம் வரைந்து பிடித்தேன். இப்போது என் கட்டத்தில் வலது பக்கம் வந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"இதுதாம்மா சவ்வா. பாத்துக்கிட்டியா?"

"அப்பா, டீச்சர் வேற சைடு சொன்னாங்க."

"எந்தச் சைடு?"

அவள் ஒரு கையைத் தூக்கினாள். என் ஸ்கிரீனில் அது இடது பக்கம் தெரிந்தது.

"அது பாவ்ணே பக்கம்ட்டி."

"அப்போ இந்தக் கை பக்கமா?" மறு கையைத் தூக்கினாள். அது வலது பக்கம் தெரிந்தது.

"அதேதான்!"

எதிரெதிரே இருந்தால் என் வலது அவளுக்கு இடது என்பது எனக்குத் தோன்றவில்லை. 'மூணு இருக்கிற இடத்தில் வை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எண்ணே இல்லாத கடிகாரத்தைப் பார்த்துப் பழகினவனுக்கு அது வாயில் வரவில்லை.

"நான் ஃபர்ஸ்ட் வேற மாதிரி போட்டிருந்தேம்ப்பா."

"அழிச்சிரு. அப்பா தெனமும் கடியாரத்தப் பாத்துத்தான் ரொட்டி எடுக்கேன். எனக்குத் தெரியாதா?"

பின்னாலிருந்து கிரேஸ், "அப்பா சொல்லுதாவல்ல, எழுதிட்டுப் படு" என்றாள். ஷைனி ரப்பரை எடுத்து ஆறையும் அழித்தாள். தாள் கசங்கியது. நான் காட்டியபடி ஆறையும் போட்டாள்.

மறுநாள் எட்டேகாலுக்கு முதல் கேள்வியே அதுதான். "எத்தன ரைட்டு?"

"எல்லாம் ரைட்டுப்பா."

அதற்கு மறுநாள் ரொட்டிக் கம்பெனியில் எத்தனை பேரிடம் சொன்னேன் தெரியுமா. சங்கரன்கோவில் முருகன், "அண்ணாச்சி வாத்தியார் ஆயிட்டாவ. இனும நம்ம கூட மாவு பெசைவாவளா?" என்றான். பிறகு தினமும் ஒர்க்‌ஷீட் வந்தது. கூட்டல், கழித்தல், தமிழிலேயே சொல்லித் தரக்கூடிய கணக்குகள். நான் சொல்வேன், அவள் கேமரா முன்னாலேயே எழுதுவாள். ஒன்றரை வருஷம்.

லீவில் வந்தபோது கிரேஸ் பழைய தாள்களை, எடைக்கு வாங்குகிற ரத்திக்காரனுக்குப் போடக் கட்டிக்கொண்டிருந்தாள். அதில் அந்த ஆறு வட்டங்கள் இருந்தன. ஆறிலும் சிவப்புப் பெருக்கல் குறி. கீழே டீச்சர் மராத்தியில் எழுதியதை எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுச் செய்.'

கிரேஸின் போனுக்கு என் போனிலிருந்து வீடியோ கால் போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரு தாளை என் கேமராவுக்குக் காட்டினேன். என் போனில்தான் எழுத்து புரண்டு தெரிந்தது. அவள் போனில் நேராக இருந்தது. கண்ணாடி மாதிரி தெரிவது எனக்கு மட்டும்தான், எதிரில் இருக்கிறவருக்கு உள்ளது உள்ளபடி தெரியும்.

மற்றத் தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் எழுதியதற்கு அடியில் அழித்த தடம் இருந்தது. நான் சொன்னதை என் முன்னால் எழுதி, நான் போனை வைத்ததும் அழித்து, தானாகப் போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறாள். சிலவற்றில் அடியில் இருந்ததும் மேலே இருந்ததும் ஒரே விடை. நான் சரியாகச் சொன்னதைக்கூட அழித்துவிட்டு, மறுபடி அதையே எழுதியிருக்கிறாள்.

"ஏம்மா சொல்லல?"

காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். "சொன்னா நீங்க ரெண்டு நிமிசத்துல போனை வச்சிருவீங்க. முந்தி அப்படித்தான."

அதற்குப் பிறகு நான் வெளிநாடு போகவில்லை. போகாததற்கு வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டக் கூடாது. இப்போது பத்தாவது படிக்கிறாள். பத்துக்குப் பத்து அறையில் எனக்குக் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, எந்தச் சந்தேகம் வந்தாலும் போனில் தட்டிப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் முள் வைத்த கடிகாரமும் இல்லை. பத்தேமுக்கால் ஆனதும் என் கண் தானாக அவள் பக்கம் போகும். அவள் ரப்பரே வைத்துக்கொள்வதில்லை. பேனாவில் எழுதுகிறாள்.