திருநாள் தேதியில் ஒரு சான்றிதழ்

கல்லூரி உதவித்தொகைக்கு நான் விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. தாலுகா ஆபீசில் கேட்டிருந்த வருமானச் சான்றிதழோ வந்தபாடில்லை. துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டிடம் வேலை பார்த்த சித்தப்பா, தாசில்தார் முத்திரை, கையெழுத்து எல்லாம் போட்டு ஒன்றைத் தானே தயாரித்துக் கொண்டுவந்தார்.

"நல்ல காரியம்லா, மாதா திருநாள் தேதியே போட்டிருக்கேன்" என்றார் பெருமையாக.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அன்னைக்கு ஊருக்கே லீவு கொழுந்தனாரே! தாசில்தார் தேருக்குப் பின்னால நின்னா கையெழுத்துப் போட்டாரு? இதக் கொண்டு போனா பிள்ள படிப்பும் போகும், ஒம்ம வேலையும் போகும்." காகிதம் அடுப்புக்குள் போனது.

மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போய், சான்றிதழ் தாமதமாகிறது என்றேன்.

"மனு குடுத்ததுக்கு தாலுகா ஆபீஸ்ல சீல் வச்ச நகல் இருக்குல்லா? அதோட, சான்றிதழ் பின்னால தாரேன்னு எழுதி இன்னைக்கே குடு. பிரின்சிபால் குறிப்பெழுதி அனுப்புவாரு. சான்றிதழ் வந்தப்புறம்தான் பணம் வரும், ஆனா கடைசித் தேதி தப்பாது" என்றார் எழுத்தர். அப்படியே செய்தேன்.

கொஞ்ச நாளில் அசல் சான்றிதழ் வந்தது. முத்திரை கோணலாக விழுந்து, மை பரவி, பாதி எழுத்து தெரியவில்லை. சித்தப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதப் போயி நம்புவானுவளாம்! நான் அடிச்சது எவ்வளவு சுத்தமா இருந்துச்சு!"