பூனை சத்தம் போட்ட நாள்

எங்கள் மத்திய வங்கியில் நாணயங்களை வாங்கி விற்கும் டீலிங் அறையில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குப் பூனை என்று பட்டப்பெயர். அந்நிய நாணயத்தை விற்று எங்கள் நாணயத்தைத் தாங்கிப் பிடிக்கும்போது, விற்பது நாங்கள்தான் என்று சந்தைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதில் அவரை அடிக்க ஆளில்லை. ஏதாவது ஒரு வங்கியைக் கூப்பிட்டு, காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடுவார்.

அந்த வாரம் எங்கள் நாணயம் மளமளவென்று சரிந்தது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒருவன் விற்கிறானே என்று இன்னொருவன் விற்றான். நாங்கள் தனியாக மல்லுக்கட்டினோம். எங்கள் அந்நிய நாணயக் கையிருப்பு தீரும்வரை காத்திருந்தால் போதும் என்று அந்தப் படுபாவிகளுக்குத் தெரியும். நாளைய விலை தெரியாமல் இறக்குமதிக்காரர்கள் கையைக் கட்டி உட்கார்ந்தார்கள். பூனையின் தம்பிக்கு டயாலிசிஸ். அதற்கு வெளிநாட்டிலிருந்து வரும் வடிகட்டிகளும் வரவில்லை.

அன்று காலை தலைவர் எங்களைக் கூப்பிட்டார்.

"மூணு மத்திய வங்கி சேர்ந்து இறங்கறோம். நாம விக்கிற அந்நிய நாணயத்தை அச்சடிக்கிறவங்களே அதை விக்கப் போறாங்க. அவங்க கையிருப்பு தீரவே தீராது. முதல்ல நாம, பின்னாடியே அவங்க."

நேரம் வந்ததும் பூனை போனை எடுத்தார். பழக்கதோஷம், ஒரே வங்கியிடம் மெல்ல விற்றுவிட்டு, "வெளிய தெரிய வேண்டாம்" என்றார்.

திரையில் விலை லேசாக ஏறியது. மறுபடி விழுந்தது. போட்டதையெல்லாம் சந்தை விழுங்கிவிட்டது.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க? இன்னைக்கு நாமன்னு தெரியணும்! தெரிஞ்சாத்தான் விக்கிறவன் பயப்படுவான்!" தலைவர் கத்தினார்.

பூனை மறுபடி போனை எடுத்தார். ஒவ்வொரு வங்கியாக அழைத்து, தொண்டை கிழியக் கத்தினார்: "மத்திய வங்கி பேசறேன். விலை சொல்லுங்க. ஆமா, நாங்களேதான்! யார்கிட்ட வேணா சொல்லிக்குங்க!"

அடுத்த நிமிடங்களில் மற்ற இரண்டு மத்திய வங்கிகளும் இறங்கின. கூட்டறிக்கை வந்தது. விற்றவர்கள் அலறியடித்துத் திரும்ப வாங்கினார்கள். நாணயம் துள்ளி ஏறியது. நாங்கள் கைதட்டினோம்.

தலைவர் மட்டும் தட்டவில்லை. "அடுத்த வாரம் நம்ம வட்டியை முடிவு பண்ற கமிட்டி கூடுது. வட்டியை ஏத்தினா இது நிக்கும். ஏத்தலைன்னா நாம சொன்னது ஒண்ணு, செஞ்சது ஒண்ணுன்னு ஆகிடும். இன்னைக்கு ஏறினதெல்லாம் கரைஞ்சிடும். ஏத்த மாட்டாங்க போலிருக்கு. வெளிய மூச்சு விடக்கூடாது."

நடைபாதையில் பூனைக்குத் தம்பியின் அழைப்பு வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அக்கா, ஏறிடுச்சாமே! இறக்குமதிக்காரர் இன்னும் ஒரு வாரம் பொறுத்தா வடிகட்டி விலை இன்னும் குறையும்கிறார். கையில இருக்கிறது அதுவரைக்கும் தாங்கும். பொறுக்கலாமா? இனிமே விழாதுல்ல?"

சொன்னால் வேலை போகும், வழக்கும் வரும். பூனை சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எனக்குத் தெரியாதுடா."

"என்னக்கா, உனக்கே தெரியாதா?" என்று அவன் சிரித்தான்.

"விழும்னா நீ சொல்லிடுவ. சரி, அப்ப பொறுக்கறோம்" என்று அவன் வைத்துவிட்டான்.