பிரான்சிஸ்கா சிஸ்டரின் ஒரு நிமிடம்

பிரான்சிஸ்கா சிஸ்டரை அடக்கம் செய்து ஒன்பது நாளாகிறது. உதியன்குளங்கரையில் நாங்கள் வேலை பார்த்த சிறிய மருத்துவமனையில் பத்தொன்பது வருடம் நர்சாக இருந்தார். சீட்டு எழுதும் மேசை எனக்கு. நாடி பார்க்க எல்லாரும் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவார்கள். அவர் முழு நிமிடம் எண்ணுவார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால் அவர்களைவிட உரக்க முணுமுணுப்பார்.

தொண்ணூற்று நான்கில் ஒரு திங்கட்கிழமை, பூவாரிலிருந்து சிஜோ வந்தான். இருபத்து மூன்று வயது. மீன்பிடி வள்ளத்தில் உரமேறிய உடம்பு. துபாய் வேலைக்கு ஏஜெண்ட் கேட்ட மருத்துவச் சான்று வேண்டும். கூடவே தாய்மாமன் ததேயூஸ்.

மணிக்கட்டைப் பிடித்ததும் சிஸ்டரின் முகம் சுருங்கியது. துடிப்பு ஓடியது, தயங்கியது, இரண்டு ஒன்றாக வந்து விழுந்தது.

"எலே, நேத்து குடிச்சியா?"

"வெறும் வயித்தில வரச் சொன்னிய இல்லியா சிஸ்டரே? பன்னெண்டு மணிக்கு மேல பச்சத்தண்ணி தொடல்ல."

"பன்னெண்டுக்கு முன்ன?"

சிஜோ மாமாவைப் பார்த்தான். நண்பர்கள் கொடுத்த பயண விருந்து. பன்னிரண்டுக்குள் முடிக்க வேண்டுமென்று முக்கால் குப்பி பிராந்தியை மூன்று மணி நேரத்தில் தீர்த்திருக்கிறான்.

"எனக்க கர்த்தாவே! ரத்தம் எடுக்கச் சொன்ன பன்னெண்டு மணிய இவன் பிராந்திக்குக் கெடுவா வச்சிருக்கான்!"

ஈசிஜி தாளிலும் அதேதான்: கோடுகளுக்கிடையே ஒழுங்கான இடைவெளியே இல்லை.

"மெஷின் கேடாக்கும்," என்றார் ததேயூஸ்.

சிஸ்டர் அவரையே கட்டிலில் படுக்க வைத்துத் தாளை ஓட்டினார். கோடுகள் வேலிக்கம்பிபோல ஒரே அளவில் வந்தன. விடாமல் கையில் ரத்த அழுத்தப் பட்டையும் சுற்றினார். நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து.

"தெனமும் குடி உண்டா?"

"உறக்கத்துக்குக் கொஞ்சம்."

"அதாக்கும் இது."

டாக்டர் சொன்னார்: பையனின் இதயத்தில் கோளாறு இல்லை. ஒரே இரவில் அளவுமீறிக் குடித்த பிராந்தி இதயத்தின் மேல் அறைகளைச் சீண்டிவிட்டது. உடம்பு அட்ரினலினைக் கொட்டியது. சிறுநீரோடு நீரும் உப்புகளும் போயின. மேல் அறைகள் சுருங்குவதற்குப் பதில் நடுங்குகின்றன. தினமும் குடிப்பவருக்கோ ரத்தக்குழாய்கள் இறுகும், சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? நிறுத்தினால் சில வாரத்தில் இறங்கத் தொடங்கும்.

"சான்று?" என்றான் சிஜோ.

"இண்ணைக்கு இங்க கட்டில்ல கெட. பத்து நாள் தொடாம வா, பாப்போம்," என்றார் சிஸ்டர்.

"ஏஜெண்ட் வேற ஆளப் பிடிப்பான் சிஸ்டரே!"

"பிடிக்கட்டும். செத்தவனுக்கு விசா வேண்டாம் மக்கா."

திட்டிவிட்டு நேராக என் மேசைக்கு வந்து, ஏஜெண்டுக்குப் போன் போட்டுப் பத்து நாள் கெஞ்சி வாங்கினார். மருந்தும் குளுக்கோஸும் ஏறியபின் மறுநாள் விடியலில் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது.

பத்தாம் நாள் சிஜோ வந்தான். சற்று இளைத்திருந்தான். குடிக்க வராததற்குக் கூட்டாளிகள் வீட்டு வாசலில் கேலி செய்தார்களாம். மாமா வரவில்லை. சிஸ்டர் முழு நிமிடம் எண்ணினார். இடையில் ஒருவர் சீட்டு கேட்க, கையை உயர்த்தி அடக்கினார்.

"இப்ப கொள்ளாம், ஒழுங்கா ஓடுது," என்று மணிக்கட்டை விட்டு, சான்றுத் தாளை டாக்டரின் கையெழுத்துக்கு அனுப்பினார். "விமானத்தில பிராந்தி சும்மா தருவானுவ. வாங்காத, கேட்டியா?"